தொடையும் தோளும்

கொலஸ்ட்ரால் மாத்திரையால் சதை வலிக்கிறது என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது தேதிகளைத்தான். மாத்திரை எந்த மாதம் ஆரம்பித்தது, இடையில் அளவு கூடியதா, வலி வந்தது அதற்கு முன்பா பின்பா, வேறு மருந்து ஏதாவது புதிதாகச் சேர்ந்ததா? வலி எங்கே, எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நாலு தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தாலே பாதி விஷயம் தெளிந்துவிடும். ஸ்டாடின் மாத்திரைகள் தசையைத் தொந்தரவு செய்வதென்றால் பெரும்பாலும் ஆரம்பித்தோ அளவு கூடியோ முதல் மூன்று மாதத்துக்குள், அதிலும் முதல் நாலு வாரத்துக்குள் செய்துவிடும். ஐந்து வருடமாக ஒரே மாத்திரையை ஒரே அளவில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குப் போன மாதம் இடுப்பு பிடித்துக்கொண்டது என்றால், அந்த மாத்திரை மேல் எனக்குச் சட்டென்று சந்தேகம் வராது. நடுவில் என்ன மாறியது என்று தேடுவேன்.

திருநெல்வேலிப் பக்கம் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியின் கதையை இங்கே சொல்வது உதவும். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, பத்து வருடமாகச் சர்க்கரை. எட்டு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். வந்து உட்காரும்போதே தீர்ப்போடுதான் உட்கார்ந்தார்.

"சார், இந்த மாத்திரைதான் என் சதையைத் தின்னுது. வலது கையத் தூக்க முடியல. சட்டை மாட்ட முடியல. இப்போ ரெண்டு தொடையும் சேர்ந்து உளையுது. நிறுத்திரலாம்னு முடிவு பண்ணிட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்தலாம்னு வந்தேன்."

சொல்லிவிட்டு நிறுத்த வந்ததே பெரிய விஷயம். பலர் சொல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த மாரடைப்போடு வரும்போதுதான் நமக்குத் தெரிகிறது.

பையிலிருந்த மாத்திரை அட்டைகளை மேசையில் கொட்டச் சொன்னேன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் உள்ளவை போக இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, ஒரு கேப்சூல். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு நம் ஊரில் பரவலாக எழுதப்படுவது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் ஒன்றாக அடைத்தது. இவருடையதில் அடோர்வாஸ்டாடின் 40 மி.கி. இருந்தது. இன்னொன்று, தனியாக ஒரு அடோர்வாஸ்டாடின் 40 மாத்திரை. ஸ்டென்ட் வைத்த ஆறாவது மாதம் ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். 78 இருந்திருக்கிறது. இன்னும் குறைய வேண்டும் என்று ஒரு டாக்டர் அதைச் சேர்த்திருக்கிறார். ஆக மொத்தம் 80.

அண்ணாச்சி ஏற்கெனவே தன் பங்குக்கு ஒரு சோதனை செய்து பார்த்திருந்தார். தனி மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தினாராம். வலி குறையவில்லை. அப்புறம் மருந்துக்கடைத் தம்பி, "அண்ணாச்சி, இந்த கேப்சூலுக்குள்ளயும் அதே மருந்துதான் இருக்கு" என்று சொல்லியிருக்கிறான். அதனால்தான் கேப்சூலையே நிறுத்தும் முடிவு.

தம்பி சொன்னது சரி. ஆனால் அந்த முடிவில்தான் ஆபத்து. ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகாதவர் அந்த கேப்சூலை நிறுத்தினால் ஸ்டாடின் மட்டும் நிற்காது, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்ந்தே நிற்கும். ஸ்டாடினை மூன்று வாரம் விட்டால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அந்த இரண்டையும் விட்டால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து ஓரிரு நாளில்கூட ஆளைக் கொண்டுபோகலாம். மாத்திரை எண்ணிக்கையைக் குறைக்கச் செய்த வசதி இப்படி ஒரு பொறியாகவும் ஆகிவிடுகிறது. சதை வலி என்று யார் வந்தாலும் எந்த அட்டைக்குள் எந்த மருந்து ஒளிந்திருக்கிறது என்று திருப்பிப் படிக்காமல் நான் பேச ஆரம்பிப்பதில்லை.

இனி தேதிகள். தோள் வலி தொடங்கியது எப்போது? நாலைந்து மாதம் இருக்கும் என்றார். அவர் மனைவி குறுக்கிட்டு, "பொங்கலுக்கே முதுகு தேய்க்கக் கை எட்டலைன்னு சொன்னீங்கல்ல" என்று நேராக்கினார். அதாவது அளவு கூட்டுவதற்கு முன்பே. தொடை வலி? தனி மாத்திரை சேர்ந்த மூன்றாவது வாரம். இந்த இரண்டு வலியும் அண்ணாச்சியின் மனதில் ஒரே வலிதான், ஒரே குற்றவாளிதான். தாளில் எழுதியபோது இரண்டும் வேறு வேறு மாதத்தில் நின்றன.

அடுத்தது தொட்டுப் பார்ப்பது. தோளுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்துக்கொள்ளச் சொல்லி, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பச் சொன்னேன். இடது கை தாராளமாகத் திரும்பியது. வலது கை கொஞ்சம் போய் நின்றுவிட்டது. பிறகு அவரைத் தளர்வாக விடச் சொல்லி நானே திருப்பினேன். எனக்கும் அதே இடத்தில் முட்டியது. இதுதான் கவனிக்க வேண்டியது. தசையில் கோளாறு என்றால் அவரால் முடியாததை என்னால் செய்ய முடியும். மூட்டு தடையில்லாமல் சுழலும். என்னாலும் முடியவில்லை என்றால் இறுகிப்போனது மூட்டைச் சுற்றியுள்ள உறை. சர்க்கரைக்காரர்களுக்கு அடிக்கடி வரும் உறைந்த தோள் இது. ஸ்டாடினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாத்திரையை நிறுத்தினாலும் அது நகராது.

தொடை வேறு மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் சமமாக, முன்பக்கச் சதை முழுவதும், ஒரு விரலால் இந்த இடம் என்று காட்ட முடியாத, கனமான உளைச்சல். அழுத்தினால் இரண்டு பக்கமும் நோகிறது. முழங்கால் மூட்டில் வலி இல்லை. எரிச்சல், மரத்துப்போதல், ஊசி குத்துவது எதுவும் இல்லை. ஸ்டாடின் வலியின் முகம் பெரும்பாலும் இதுதான்: உடம்பை ஒட்டிய பெரிய தசைகள், இரண்டு பக்கமும், மந்தமாக. தொடை, இடுப்பு, புட்டம், சில நேரம் கெண்டைச் சதை, மேல்கை. ஒரு பக்கம் மட்டும் வலித்தால், மூட்டுக்குள் வலித்தால், பாதம் இரவில் எரிந்தால் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னேன். முனகிக்கொண்டே எழுந்தார். ஆனால் எழுந்தார். வலி இருக்கிறது, பலம் குறையவில்லை. இந்த வித்தியாசத்தை நோயாளியே சொல்லிவிடுவார் என்று எதிர்பார்க்கக்கூடாது. "முடியல" என்கிற ஒரே சொல்லுக்குள் நம்மவர்கள் வலியையும் பலவீனத்தையும் அசதியையும் வைத்திருப்பார்கள். எழுப்பி உட்கார வைத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

பாதத்தின் மேல்புறத்திலும் உள்கணுக்காலின் பின்னாலும் நாடி பிடித்துப் பார்த்தேன். இதை நான் யாருக்கும் விடுவதில்லை. புகை பிடிப்பவர், சர்க்கரைக்காரர், இதய நோயாளி கெண்டை வலி என்று வந்தால் கால் ரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். அதற்கு அடையாளம், இவ்வளவு தூரம் நடந்தால் பிடித்துக்கொள்ளும், நின்றால் ஓரிரு நிமிடத்தில் விட்டுவிடும், மறுபடி அதே தூரத்தில் பிடிக்கும். அப்படிப்பட்டவருக்கு ஸ்டாடினை நிறுத்துவது தலைகீழ் வைத்தியம். மற்ற யாரையும்விட அவருக்குத்தான் அது தேவை. நின்றால் போதாது, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் விடுகிறது என்றால் முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அண்ணாச்சிக்கு நான்கு இடத்திலும் நாடி நன்றாகவே துடித்தது.

ரத்தத்தில் நான் கேட்டது அதிகமில்லை. தசை நொதியான சி.பி.கே., தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சிறுநீரகம், கல்லீரல், வைட்டமின் டி. கூடவே ஒரு ஈ.எஸ்.ஆர். சி.பி.கே. 412 வந்தது. அந்த லேபின் உச்ச வரம்பு 200. அறிக்கையில் அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் பார்த்ததும் அண்ணாச்சி முகத்தில் 'நான்தான் சொன்னேனே' என்கிற வெற்றி தெரிந்தது. ஆனால் முந்தைய நாள் கடையில் கம்பி இறக்கியிருக்கிறார். பாரம் தூக்கினாலோ, தசையில் ஊசி போட்டாலோ, புதிதாக ஜிம்முக்குப் போனாலோ சி.பி.கே. ஏறும். மூன்று நாள் பாரம் தூக்காமல் இருந்து மறுபடி கொடுக்கச் சொன்னேன். 260.

அந்த எண்ணை வைத்து எப்படி முடிவெடுப்பது என்பதற்கு ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று 2015-ல் வகுத்த வரம்புகளைத்தான் நான் கைக்கொள்கிறேன். உச்ச வரம்பைப் போல நான்கு மடங்குக்குள் இருந்தால் அவசரமில்லை; வலியையும் தேவையையும் பார்த்து நிதானமாக முடிவு செய்யலாம். நாலுக்கு மேல், வலியும் இருந்தால் சில வாரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பத்து மடங்கைத் தாண்டினால் அன்றே நிறுத்தி, சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஸ்டாடினால் உண்மையாகவே தசை வலி வருபவர்களில் பெரும்பாலோருக்கு சி.பி.கே. சாதாரணமாகவே இருக்கும். எனவே அந்தச் சோதனை ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். வலி மாத்திரையாலா இல்லையா என்று அதனால் சொல்ல முடியாது.

டி.எஸ்.எச். பற்றி ஒரு வார்த்தை. தைராய்டு சுரப்பு குறைந்தால் கொலஸ்ட்ரால் ஏறும், தசையும் வலிக்கும், சி.பி.கே.யும் உயரும். கொலஸ்ட்ரால் ஏறியதைப் பார்த்து ஸ்டாடின் கொடுப்பார்கள். அது தசையை இன்னும் படுத்தும். உடம்பு கனம், அசதி, மலச்சிக்கல், முடி கொட்டுதல், இவற்றோடு இரண்டு கெண்டையும் இழுத்துப் பிடிக்கிறது என்று வந்த ஒரு அம்மாவுக்கு மாத்திரையை மூன்று முறை மாற்றியிருந்தார்கள். டி.எஸ்.எச். 60-க்கு மேல். தைராக்ஸின் ஆரம்பித்துச் சில மாதத்தில் வலியும் போனது, கொலஸ்ட்ராலும் தானாகவே கணிசமாக இறங்கியது. ஸ்டாடின் எழுதுமுன்பே இதைப் பார்க்க வேண்டும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. நடைமுறையில், ஹெல்த் செக்கப் அறிக்கையில் தைராய்டு வரி இருந்தும் யாரும் படிக்காமல் போவதுதான் அதிகம்.

ஈ.எஸ்.ஆர். எதற்கென்றால், ஐம்பதைத் தாண்டியவருக்குக் காலையில் எழும்போது இரண்டு தோளும் இடுப்பும் ஒரு மணி நேரம் மரக்கட்டையாக இருந்து, ஈ.எஸ்.ஆரும் மிக அதிகமாக இருந்தால், அது பாலிமயால்ஜியா என்னும் வேறு நோய். சி.பி.கே. அதில் சாதாரணமாக இருக்கும். குறைந்த அளவு ஸ்டீராய்டுக்குச் சில நாட்களிலேயே பிரமாதமாகக் கேட்கும். அதை ஸ்டாடின் வலி என்று நினைத்து மாத்திரை மாற்றி மாற்றிக் காலம் கடத்தினால் ஆள் படுக்கையில் கிடப்பார்.

அண்ணாச்சிக்கு இவை இரண்டும் சரியாகவே இருந்தன. வைட்டமின் டி குறைவு. நம் ஊரில் பரிசோதித்தால் பாதிப் பேருக்குக் குறைவாகத்தான் வருகிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இது ஒரு வேடிக்கை. அதற்கு மருந்து கொடுத்தேன். ஆனால் அதைச் சரிசெய்தால் ஸ்டாடின் வலி போய்விடும் என்று சொல்லவில்லை. வைட்டமின் டி கொடுப்பது ஸ்டாடின் தசை வலியைத் தடுக்கிறதா என்று அமெரிக்காவில் பெரிய ஆய்வொன்றில் பார்த்தார்கள், தடுக்கவில்லை. விலை கூடிய கோ-என்சைம் க்யூ-டென் மாத்திரையின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

ஆக, தோள் மாத்திரையால் அல்ல. தொடை மாத்திரையாக இருக்கலாம். இந்த 'இருக்கலாம்' என்பதை உறுதி செய்ய எந்த ரத்தப் பரிசோதனையும் இல்லை. நிறுத்திப் பார்க்க வேண்டும், திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். நோயாளி 'நிறுத்திவிட்டேன்' என்பதற்கும் நான் 'நிறுத்திப் பார்ப்போம்' என்பதற்கும் நடுவில் ஒரு தேதி இருக்கிறது. எந்த நாள் நிறுத்துகிறோம், எந்த நாள் திரும்பத் தொடங்குகிறோம் என்று முதலிலேயே சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவேன். திரும்பும் தேதி இல்லாத நிறுத்தம் சோதனையே இல்லை.

கேப்சூலைப் பிரித்தேன். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் தனித்தனி மாத்திரையாக, ஒரு நாளும் விடாமல். அடோர்வாஸ்டாடின் இரண்டும் மூன்று வாரத்துக்கு நிறுத்தம். மாரடைப்பு வந்து சில வாரமே ஆனவராக இருந்தால் முழுதாக நிறுத்தியிருக்க மாட்டேன். அளவைக் குறைத்துப் பார்த்திருப்பேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் இரவு இரண்டு எண் எழுதச் சொன்னேன். தோளுக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள். "தோளும் எதுக்கு சார்?" என்றார். "அதுவும் மாத்திரைதான்னு சொல்றீங்கள்ல, பார்ப்போமே" என்றேன்.

தோளை எழுதச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல லண்டனில் நடந்த ஒரு ஆய்வுக்குப் போக வேண்டும். இம்பீரியல் கல்லூரியில் செய்தது, 2020-ல் வெளியானது, சாம்சன் என்று பெயர். ஸ்டாடின் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏற்கெனவே நிறுத்திவிட்ட 60 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு குப்பி. நாலு குப்பியில் அடோர்வாஸ்டாடின் 20. நாலில் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. நாலு குப்பி காலி. அந்த மாதம் மாத்திரையே கிடையாது. மாத்திரை உள்ள மாதங்களில் எது எந்த மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் கைபேசியில் தொந்தரவுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று எண் போட வேண்டும். மாத்திரை இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டாடின் மாதங்களில் 16.3. பாருங்கள், இரண்டு மடங்கு, அவர்கள் சொன்னது நிஜம்தான். ஆனால் வெற்று மாத்திரை மாதங்களில் 15.4. மாத்திரையை விழுங்கியதால் வந்த தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு உள்ளே மருந்தே இல்லாதபோதும் வந்திருக்கிறது.

இதை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "எல்லாம் உங்க மனப்பிரமை" என்று சொன்ன டாக்டரிடம் யாரும் திரும்பி வரமாட்டார்கள், வரவும் கூடாது. வலி பிரமை இல்லை. அந்த 60 பேர் வெற்று மாத்திரைக்குப் போட்ட 15-ம் வலித்துப் போட்டதுதான். சதையைத் தின்னும் மாத்திரை என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு விழுங்கும்போது, வழக்கமாக நாம் கண்டுகொள்ளாத உடம்பு உளைச்சலையெல்லாம் மூளை எடுத்து முன்னால் வைக்கிறது. அந்த ஆய்வில் முடிவைத் தங்கள் சொந்த எண்களிலேயே பார்த்தபிறகு பாதிப் பேர் மறுபடி ஸ்டாடினுக்குத் திரும்பிவிட்டார்கள். வாதம் செய்து இப்படித் திருப்ப முடியாது.

இதே விஷயத்தை இன்னொரு திசையிலிருந்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்டாடினையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்ட 19 பெரிய ஆய்வுகள், ஏறக்குறைய 1,24,000 பேர், அத்தனை பேரின் விவரத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 2022-ல் வெளியிட்டார்கள். ஸ்டாடின் சாப்பிட்டவர்களில் தசை வலியோ பலவீனமோ சொன்னவர்கள் 27.1 சதவீதம். வெற்று மாத்திரையில் 26.6. இதில் இரண்டு சேதி இருக்கிறது. நடுவயது தாண்டிய மனிதருக்கு எது சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் நாலில் ஒருவருக்குச் சதை வலிக்கிறது. அந்த அரை சதவீத வித்தியாசம் சிறியதுதான், ஆனால் அது பூஜ்யமில்லை. அதிகப்படி வலி பெரும்பாலும் முதல் வருடத்தில்தான் வந்தது. மாத்திரையால் வலியே வராது என்று அடித்துச் சொல்லும் மருத்துவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது.

நிறுத்தியதும் வலி போய்விட்டது, அதனால் மாத்திரைதான் காரணம் என்று முடிவு கட்டுவதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. சாம்சன் ஆய்வில் வெற்று மாத்திரையை நிறுத்தியபோதும் அதே வேகத்தில் வலி குறைந்தது. அப்படியானால் அண்ணாச்சிக்கு நான் நிறுத்திப் பார்ப்பதில் என்ன தெரியும்? அங்கேதான் தோள் வந்தது. அவர் மாத்திரை மேல் சொன்ன பெரிய புகாரே தோள்தான். நிறுத்தினால் கை தூக்க முடியும் என்று நம்பினார். வெறும் நம்பிக்கையால் வலி குறைகிறது என்றால் தோளும் சேர்ந்து குறைய வேண்டும். தொடை மட்டும் குறைந்து தோள் அப்படியே நின்றால் மருந்து மேல் சந்தேகம் வலுக்கும். முழுச் சாட்சியம் ஆகாது என்றாலும், லண்டன் மாதிரி பன்னிரண்டு குப்பி தயாரிக்க வழியில்லாத ஒரு சின்ன ஊர் கிளினிக்கில் இவ்வளவுதான் முடியும்.

மூன்று வாரம் கழித்து நோட்டோடு வந்தார். தொடை: முதல் வாரம் ஆறு, ஆறு, ஐந்து, ஆறு. பத்தாம் நாள் மூன்று. இரண்டாம் வாரக் கடைசியில் ஒன்று. தோள்: ஏழு, ஏழு, எட்டு, ஏழு, கடைசி வரை ஏழு. தோள் வரியை அவரே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அப்போ கைக்கு என்ன சார்?" என்று கேட்டார். பிசியோதெரபிக்கு அனுப்பினேன்.

இனி எதைத் திரும்பக் கொடுப்பது? துல்லியம் வேண்டுமென்றால் அதே அடோர்வாஸ்டாடின் 80-ஐத் திரும்பக் கொடுத்து வலி வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. அவர் வந்தது வைத்தியத்துக்கு; ஆராய்ச்சிக்கு அல்ல. மேலும் அந்த 80-ல் எனக்குப் பெரிய மரியாதையும் இல்லை. ஸ்டாடின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். கூடுதலாக ஆறு சதவீதம்தான் இறங்கும். இவருக்கு மருந்து தொடங்குமுன் 150 இருந்தது. 40-ல் 78 ஆனது. 80-க்கு உயர்த்தியபின் 70. இந்த எட்டுப் புள்ளிக்குத் தொடையை விலையாகக் கொடுத்திருக்கிறார். அதே இடத்தில் எசெட்டிமைப் 10 மி.கி. சேர்த்திருந்தால் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கியிருக்கும். அது குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் மருந்து; தசைக்கு அதனால் தொந்தரவு அபூர்வம்.

ரோசுவாஸ்டாடின் 5 மி.கி.யில் ஆரம்பித்தேன். சின்ன அளவாகத் தெரியும். ஆனால் அதற்கே எல்.டி.எல். ஏறக்குறைய நாற்பது சதவீதம் இறங்கும். அதோடு நம்மைப் போன்ற ஆசியர்களின் ரத்தத்தில் இந்த மருந்து வெள்ளையர்களைவிட அதிக அளவில் ஏறுகிறது என்பதால் ஐந்தில் தொடங்கச் சொல்வதுதான் வழக்கம். எசெட்டிமைபை அதே நாளில் சேர்க்கவில்லை. இரண்டு புது மருந்தை ஒரே நாளில் தொடங்கிவிட்டு வலி வந்தால் எதைக் குற்றம் சொல்வது?

மூன்றாம் நாளே தொலைபேசி வந்தது. "சார், நோட்டுல தொடைக்கு நாலு போட்டிருக்கேன். ஆரம்பிச்சிருச்சு." போன முறை 80 மி.கி.யிலேயே வலி வர மூன்றாவது வாரம் ஆனது, 5 மி.கி.யில் மூன்றாம் நாள் வருவது பொருந்தவில்லை. பயப்படாதீர்கள் என்று சொல்வதைவிட அந்தத் தேதிக் கணக்கைச் சொன்னேன். சிறுநீர் நிறம் மாறவில்லை, படி ஏற முடிகிறது என்றால் பத்து நாள் எழுதிக்கொண்டே இருங்கள் என்றேன். பத்தாம் நாள் மறுபடி ஒன்று. ஒரு மாதம் கழித்து எசெட்டிமைப் சேர்த்தேன். அடுத்த மாதம் ரோசுவாஸ்டாடின் 10. இப்போது எல்.டி.எல். 62, சி.பி.கே. 150, தொடை அமைதி. இவருக்கு 55-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது வழிகாட்டி சொல்லும் குறி. அந்த ஏழு புள்ளியை விரட்ட எனக்கு அவசரமில்லை. சில மாதம் போகட்டும். இந்த மாத்திரையோடு வாழ முடியும் என்கிற நம்பிக்கை ஊன்றட்டும். பிறகு பெம்பெடோயிக் அமிலம் சேர்க்கலாம். அது கல்லீரலுக்குள் போய்த்தான் செயல்படும் வடிவத்துக்கு மாறும்; அந்த மாற்றத்துக்குத் தேவையான நொதி தசையில் இல்லை. ஆகவே தசையை விட்டுவிடும். யூரிக் அமிலத்தைக் கொஞ்சம் ஏற்றும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிதானமாகச் செய்ய வேண்டிய இந்த வேலை எந்த இடத்தில் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். சதை வலியோடு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தசை பெருமளவில் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. மிக அபூர்வம். வரும்போது பெரும்பாலும் கூட ஒரு மருந்து இருக்கும். சளிக்கோ வயிற்றுக் கிருமிக்கோ கொடுக்கும் கிளாரித்ரோமைசின், படைக்குக் கொடுக்கும் இட்ராகோனசோல், இவை அடோர்வாஸ்டாடினையும் சிம்வாஸ்டாடினையும் உடம்பு கழிப்பதைத் தடுத்துவிடும். சாப்பிட்டது இருபது என்றாலும் ரத்தத்தில் பல மடங்காகத் தேங்கும். படைக்கு இட்ராகோனசோல் மாதக்கணக்கில் எழுதப்படும் காலம் இது; சரும டாக்டரிடம் இதய மாத்திரைச் சீட்டைக் காட்ட யாருக்கும் தோன்றுவதில்லை. கிளாரித்ரோமைசின் மாதிரிக் கொஞ்ச நாள் மருந்தென்றால் அது முடியும்வரை ஸ்டாடினை நிறுத்தி வைத்தால் போதும்.

இன்னொன்று அதைவிடக் கள்ளத்தனமானது. வலி அதிகம் இருக்காது, பலம்தான் போகும். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது, பரணில் இருப்பதை எடுக்கக் கை உயராது. சி.பி.கே. ஆயிரக்கணக்கில் இருக்கும். மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் ஆனாலும் இறங்காது, பலவீனம் கூடிக்கொண்டே போகும். ஸ்டாடின் தாக்கும் அதே நொதிக்கு எதிராக உடம்பே எதிர்ப்பொருள் தயாரித்துத் தசையை அழிக்கும் நோய் அது. லட்சம் பேரில் இரண்டு மூன்று பேருக்கு வருவதாகச் சொல்வார்கள். அந்த எதிர்ப்பொருளுக்குத் தனி ரத்தப் பரிசோதனை உண்டு. அது உறுதியானால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் தேவைப்படும். எந்த ஸ்டாடினும் அவருக்கு வாழ்நாளுக்கும் கூடாது. திரும்பக் கொடுத்துப் பார்க்கிறேன் என்கிற என் முறையை இவரிடம் முயற்சி செய்வது குற்றம்.

மற்றவர்களுக்கு, நிறுத்தலாமா என்ற கேள்விக்கு நான் ஒரே பதில் வைத்திருப்பதில்லை. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், காலில் அடைப்பு உள்ளவர் என்றால் மருந்தை மாற்றி, அளவைக் குறைத்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுத்து, வேறு மருந்து சேர்த்து, எப்படியாவது எல்.டி.எல்.லைக் கீழே வைப்பேன். மூன்று ஸ்டாடினை முறையாக நோட்டில் எழுதிப் பார்த்தும் மூன்றிலும் தொடை வலித்தால் அதற்கு மேல் மல்லுக்கு நிற்பதில்லை. எசெட்டிமைபும் பெம்பெடோயிக்கும், வசதி இருந்தால் ஊசியும் இருக்கின்றன. இதய நோயே வராத எண்பது வயதுப் பாட்டி, கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூட என்று யாரோ எழுதிக்கொடுத்த மாத்திரையால் கோயில் பிரகாரம் சுற்ற முடியவில்லை என்றால், நிறுத்துங்கள் ஆச்சி என்று சொல்லிவிடுவேன். அந்த வயதில் அவருக்குக் கிடைக்கப்போகும் லாபம் சந்தேகம், இழப்பது அன்றாட நடை.

அண்ணாச்சியின் கோப்பில் முன்பு யாரோ 'ஸ்டாடின் ஒவ்வாமை' என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள் போல. ஒரு சீட்டின் மூலையில் சிவப்பில் இருந்தது. அதை அடித்துவிட்டேன். அந்த இரண்டு சொல் கோப்பில் இருந்தால் நாளைக்கு நெஞ்சு வலியோடு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் யாரும் அவருக்கு ஸ்டாடின் கொடுக்கத் துணியமாட்டார்கள். பதிலாக இப்படி எழுதினேன்: அடோர்வாஸ்டாடின் 80-ல் மூன்றாம் வாரம் இரு தொடையிலும் வலி, பலவீனம் இல்லை, பாரம் தூக்காதபோது சி.பி.கே. இரு மடங்குக்குள், நிறுத்தி இரண்டு வாரத்தில் சரியானது, அடோர்வாஸ்டாடின் 40 ஆறு மாதம் தொந்தரவின்றிச் சாப்பிட்டிருக்கிறார், ரோசுவாஸ்டாடின் 10 ஒத்துக்கொள்கிறது, வலது தோள் இதில் சேராது.